கோசு முட்டையிட்ட பாட்டு

எங்கள் பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு பாலர் பள்ளி இருக்கிறது. சென்ற ஆண்டு மழைக்காலத்தில் அங்குப் பயிலும் சிறுவன் ஒருவன் டெங்கிக் காய்ச்சலால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டான். அவன் நலமுடன் திரும்பிய பிறகு, அப்பள்ளியின் ஆசிரியை எங்கள் தமிழ்மொழிக் கழகத்தை நாடி வந்தார். “வீட்டில் தண்ணீர் தேங்கக் கூடாது என்று எத்தனை முறை சொன்னாலும் பிள்ளைகள் மறந்துவிடுகிறார்கள். ஒரு பாட்டாக எழுதிக் கொடுத்தால் மறக்கமாட்டார்கள். புதிய மெட்டெல்லாம் வேண்டாம். அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த மெட்டாக இருக்கட்டும்,” என்றார்.

மூன்றாம் படிவ மாணவர்கள் நால்வர் அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டனர். விண்மீன் மின்னுவதைப் பாடும் ஆங்கிலக் குழந்தைப் பாட்டின் மெட்டை அவர்கள் தேர்ந்தெடுத்தனர். உங்களுக்கும் அது நன்றாகத் தெரிந்திருக்கும். அம்மெட்டு பிரான்சு நாட்டில் 18ஆம் நூற்றாண்டிலேயே வழங்கிவந்தது. மோசார்ட் என்னும் இசைமேதை அதை வைத்துப் பன்னிரண்டு விதமாக வாசித்துக் காட்டும் இசைக்கோவை ஒன்றையும் இயற்றினார். விண்மீனைப் பற்றிய ஆங்கிலக் கவிதையோ 1806இல் வெளிவந்தது. அதை எழுதியவர் ஜேன் டெய்லர். அதாவது, நாம் ‘அந்தப் பாட்டின் மெட்டு’ என்று சொல்வது உண்மையில் அந்தப் பாட்டுக்கு முன்பே இருந்த மெட்டு. ஆங்கில அகரவரிசைப் பாட்டும் இதே மெட்டில்தான் பாடப்படுகிறது.

இருக்கின்ற மெட்டுக்குப் புதிய சொல் எழுதுவது நமக்கும் புதியதன்று. பழைய தமிழ்ப் பாட்டுப் புத்தகங்களில் பாடலின் தலைப்பில் ‘வர்ணமெட்டு’ என்று அச்சிட்டு, எந்தப் பாடலைப் போலப் பாட வேண்டும் என்று குறித்திருப்பார்கள். கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரத்துக்காக இயற்றிய கீர்த்தனைகளின் மெட்டில் மகாகவி பாரதியார் விடுதலைப் பாடல்கள் எழுதியிருக்கிறார். நம் நாட்டின் நெகாராகூவும் அப்படிப் பிறந்ததே. பேராக் மாநிலக் கீதத்தின் மெட்டுக்கு 1957இல் புதிய சொற்கள் எழுதப்பட்டன.

நம் மாணவர்கள் நால்வரும் முதல் நாளே ஓர் அடியை எழுதி முடித்துவிட்டனர்.

கொசு முட்டை போடுதே

மெட்டின் ஓர் அடியில் ஏழு சுரங்கள் இருக்கின்றன. இந்த அடியிலும் கொ, சு, முட், டை, போ, டு, தே என்று ஏழு ஒலிகள் இருக்கின்றன. (‘முட்’ என்பதில் உள்ள ‘ட்’ போன்ற மெய்யெழுத்துக்குத் தனிச் சுரம் கிடையாது. அது தனக்கு முன்னுள்ள எழுத்தோடு சேர்ந்துகொள்ளும்.) கணக்கு சரியாக இருந்தது. ஆனால் பாடிப் பார்த்தபோது, வகுப்பறைக் கடைசி வரிசையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அவர்கள் பாடியது மற்றவர்களின் காதில் இப்படித்தான் விழுந்தது: “கோசு முட்டை போடுதே.”

கோசு என்றால் முட்டைக்கோசு. காய்கறி முட்டையிடுகிறது என்று பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த முடியுமா?

எழுத்தை எண்ணியது சரி, எங்கே பிழை? அதை அறிய மெட்டின் அமைப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். சுரங்களில் எழுதினால் அதன் முதல் இரண்டு அடிகள் இவ்வாறு அமையும்:

ச ச | ப ப | த த | ப –
ம ம | க க | ரி ரி | ச –

கையால் தாளம் போட்டுக்கொண்டே முணுமுணுத்துப் பாருங்கள். ஓர் அடிக்கு எட்டுத் தட்டு. முதல் ஆறு சுரங்களுக்குத் தலா ஒரு தட்டு; ஏழாவது சுரம் இரண்டு தட்டு நீளும். எல்லாத் தட்டும் ஒரே அழுத்தத்தில் விழுவதில்லை என்பதையும் கவனித்திருப்பீர்கள். ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு ஆகிய இடங்களில் கை அழுத்தமாக விழுகிறது. இரண்டு, நான்கு, ஆறு ஆகிய இடங்களில் மெல்ல விழுகிறது. மேலும், சுரங்கள் இரண்டிரண்டாக வருகின்றன. ஒவ்வோர் இணையின் தொடக்கத்திலும் குரல் வேறு உயரத்துக்குத் தாவுகிறது. ‘ச’விலிருந்து ‘ப’வுக்குத் தாவுவது பெரிய தாவல்.

திரைப்படத்திற்குப் பாட்டெழுதுபவர்கள் இத்தகைய அமைப்பைத் தத்தகாரம் என்னும் வெற்றொலிகளால் குறித்துக்கொள்வார்கள். இசையமைப்பாளர் மெட்டைப் பாடிக் காட்ட, கவிஞர் அதைத் ‘தன, தான, தந்த’ என்று மனத்தில் பதித்துக்கொண்டு அதற்கேற்ற சொல்லைத் தேடுவார். நம் மெட்டின் தத்தகாரம் மிக எளிமையானது:

தான தான தான தா–

இதில் ‘தா’ நெடில், ‘ன’ குறில். அழுத்தமான தட்டில் நெடிலும் மெல்லிய தட்டில் குறிலும் வருகின்றன. இப்போது ‘கொசு’ என்ற சொல்லை முதல் ‘தான’வின் மேல் வைத்துப் பாருங்கள். ‘தா’ இருக்கும் இடத்தில் ‘கொ’ என்னும் குறில் வந்து அமர்கிறது. பாடுபவரின் குரல் அந்த அழுத்தமான தட்டை நிரப்புவதற்காக அதை நீட்டுகிறது. நீண்டதும் ‘கொ’, ‘கோ’ ஆகிவிடுகிறது.

ஆங்கிலத்தில் ஒரு சொல்லின் எந்தப் பகுதியை அழுத்தி ஒலிக்க வேண்டும் என்பதற்குக் கட்டுப்பாடு உண்டு. எனவே, ஆங்கிலத்தில் பாட்டெழுதுபவர்கள் அழுத்தம் இடம் மாறிவிடுகிறதா என்றே முதலில் பார்ப்பார்கள். தமிழில் அழுத்தம் மாறினால் கேட்க ஒருமாதிரி இருக்கும். ஆனால் பொருள் மாறுவதில்லை. நீளம் மாறினால்தான் பொருள் மாறும். படம் பாடமாகும், கலை காலையாகும், வரம் வாரமாகும். ஆகவே தமிழில் மெட்டுக்குச் சொல் பொருத்தும்போது எழுத்தின் எண்ணிக்கையைவிட அதன் மாத்திரையே முக்கியம். நீங்கள் இலக்கணத்தில் படித்த அதே மாத்திரைதான்: குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை.

அழுத்தமான இடத்தில் நெடில் மட்டுமே வரவேண்டும் என்பதில்லை. ‘முட்டை’யில் உள்ள ‘முட்’ மூன்றாம் இடத்தில் தவறின்றிப் பொருந்தியதைக் கவனியுங்கள். குறிலோடு மெய் சேர்ந்துவிட்டால் அந்த மெய் இடத்தை அடைத்துக்கொள்கிறது. குறில் நீள வேண்டிய தேவை எழுவதில்லை. ஆனால் எல்லா மெய்யும் ஒன்றல்ல. ‘பந்து’ என்பதில் ‘ன்’ போல ஒலிக்கும் மெல்லினத்தை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் மூக்கொலியாக இழுத்துப் பாடலாம். ‘பட்டு’ என்பதில் உள்ள வல்லின ‘ட்’டை இழுக்க முடியாது, அங்கே குரல் ஒரு கணம் அடைபட்டு நின்றுவிடும். ஒரு தட்டு நீளமுள்ள சுரத்தில் அந்த அடைப்பு நன்றாகவே இருக்கும், துள்ளலும் கொடுக்கும். நீண்ட சுரத்தில்தான் அது பொருந்தாது.

சரி, கொசுவை என்ன செய்வது? இரண்டு வழிகள் தோன்றின. முதல் வழி, அந்தச் சொல்லையே மாற்றி ‘ஏடிஸ் முட்டை போடுமே’ என்று எழுதுவது. ‘ஏ’ நெடில் என்பதால் மெட்டில் அப்படியே அமர்ந்துவிடும். ஆனால் ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கொசுவைத் தெரியும்; ஏடிஸைத் தெரியாது. கொசுவை விரட்டும் பாட்டில் கொசு என்ற சொல்லே இல்லாவிட்டால் அது என்ன பாட்டு என்று மாணவி ஒருத்தி கேட்டாள். எனக்கும் அதுவே சரியென்று பட்டது.

இரண்டாவது வழி, சுரத்தைப் பிளப்பது. ‘கொ’ ஒரு மாத்திரை, ‘சு’ ஒரு மாத்திரை. இரண்டும் சேர்ந்தால் இரண்டு மாத்திரை, அதாவது ஒரு நெடிலின் அளவு. யாப்பிலக்கணமும் இரண்டு குறில்களைச் சேர்த்து நிரையசை என்று ஒரே அசையாகத்தான் எண்ணுகிறது. எனவே, முதல் தட்டு ஒன்றுக்குள்ளேயே ‘கொசு’ முழுவதையும் விரைவாகப் பாடிவிடலாம். அகரவரிசைப் பாட்டில் எல், எம், என், ஓ ஆகிய நான்கு எழுத்துகளை இரண்டு தட்டுக்குள் அடக்கிப் பாடுவது இவ்வாறு பிளந்துதான். (அவை நான்கும் சேர்ந்து ஒரே எழுத்து என்று நான் சிறுவயதில் நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். அதிகமாகப் பிளந்தால் இப்படியும் ஆகும்.)

‘கொசு’ ஒரே தட்டில் அடங்கிவிட்டதால், அந்த அடியில் ஓர் ஒலிக்கு இடம் கிடைத்தது. மாணவர்கள் இப்படி மாற்றினார்கள்:

கொசு–நம் | வீட்–டில் | தங்–கு | மா–

இப்போது பாடிப் பாருங்கள். ‘கொசு’ கொசுவாகவே ஒலிக்கும். முதல் இரண்டு சுரங்களும் ஒரே ‘ச’ என்பதால் குரல் தாவ வேண்டியதுமில்லை. பிளப்பு எளிதாக வருகிறது. இதே பிளப்பைப் பெரிய தாவல் உள்ள இடத்தில் செய்திருந்தால் சிறு பிள்ளைகள் தடுமாறியிருப்பார்கள்.

அடுத்த சிக்கல் வேறு விதமானது. ஒரு மாணவன் ‘பானையில் நீர் மூடி வை’ என்று எழுதினான். ஏழு ஒலிகள் இருந்தன. முதல் இடத்தில் நெடிலும் இருந்தது. ஆனாலும் கேட்பதற்கு ஏதோ உறுத்தியது. ‘பானையில்’ என்பது மூன்று ஒலிகள் கொண்ட சொல். அதன் முதல் இரண்டும் ‘ச ச’வில் அடங்கிவிட, ‘யில்’ மட்டும் அடுத்த இணைக்குத் தள்ளப்பட்டு, பெரிய தாவலின் உச்சியில் அழுத்தமாக ஒலித்தது. அடுத்து வந்த ‘நீர்’, முழுச்சொல்லாக இருந்தும் மெல்லிய தட்டில் மாட்டிக்கொண்டது. காதுக்குக் கேட்டது, ‘பானை… இல்நீர்… மூடி… வை.’

தமிழ்ச் சொல்லில் முதல் எழுத்தே சற்று எடுப்பாக ஒலிக்கும். எனவே, சொல் தொடங்கும் இடமும் மெட்டு அழுத்தும் இடமும் ஒன்றாக அமைந்தால் கேட்பவருக்குச் சொல் விளங்கும். இந்த மெட்டு இரண்டிரண்டாக நடப்பதால் இரண்டு ஒலிகள் கொண்ட சொற்களே இதற்கு மிகவும் ஏற்றவை. மாணவர்கள் கண்டுபிடித்த திருத்தம் இதுதான்:

வா–ளி | நீ–ரை | மூ–டி | வை–

‘தான தான தான தா’ என்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். எழுத்துக்கு எழுத்துப் பொருந்துகிறது. ‘நீரை’ என்பதில் உள்ள ‘ரை’ நெடில்தானே என்று நீங்கள் கேட்கலாம். ஐகாரம் சொல்லின் இறுதியில் வரும்போது குறுகி ஒலிக்கும். ஆகவே, அது மெல்லிய தட்டுக்குப் பொருத்தமே. ஆனால் ‘வை’ என்பது ஓரெழுத்துச் சொல். அங்கே ஐகாரம் குறுகுவதில்லை. இரண்டு தட்டு நீளும் கடைசிச் சுரத்தை அது நன்றாகத் தாங்குகிறது.

அந்தக் கடைசிச் சுரம்தான் அதிகத் தொல்லை கொடுத்தது. இரண்டாம் அடியை அவர்கள் முதலில் ‘தொட்டி நீரைக் கொட்டிடு’ என்று எழுதினார்கள். சொற்கள் இரண்டிரண்டாக நடந்தன; அழுத்தமும் சரியாக விழுந்தது. ஆனால் கடைசியில் நிற்கும் ‘டு’ ஒரு குற்றியலுகரம். பேசும்போது அரை மாத்திரையே ஒலிக்கும் எழுத்தை இரண்டு தட்டுக்கு இழுத்தால் என்ன ஆகும்? “கொட்டிடூ…” என்று யாரையோ கூப்பிடுவது போல் ஆகிவிட்டது. தமிழ் வினைச்சொற்கள் பலவும் உகரத்தில் முடிவதால் இந்தப் பிழை எவருக்கும் எளிதில் நேரும். நீண்ட சுரத்தில் நிற்க நெடில் வேண்டும். இல்லையென்றால் ம், ன், ல், ர் போன்று இழுக்கக்கூடிய மெய்யில் முடியும் எழுத்தாவது வேண்டும். ‘வாசல் தொட்டி காய வை’ என்று மாற்றியதும் அத்தொல்லை நீங்கியது.

இடையில் இன்னொரு முயற்சியும் நடந்தது. ‘நீர் தேங்க விடாதே’ என்பது நல்ல தொடர். ஆனால் அதில் ஆறு ஒலிகளே உள்ளன. ‘நீர்’ என்பதை இரண்டு சுரங்களுக்கு இழுத்தால் கணக்கு ஈடாகும் என்று பார்த்தார்கள். நெடில் என்பதால் அது இழுபட்டது. ஆனால் அதன் விளைவாக ‘வி’ ஐந்தாம் இடத்து அழுத்தமான தட்டில் போய் விழுந்து, ‘தேங்க வீடாதே’ என்றாயிற்று. ஓரிடத்தில் இழுத்தால் அதற்குப் பின்னால் உள்ளவை எல்லாம் நகரும். இதை மட்டும் அவர்கள் கைவிட்டுவிட்டார்கள்.

மெட்டின் நடுப்பகுதியில் வரும் இரண்டு அடிகள் வேறு வகையானவை:

ப ப | ம ம | க க | ரி –

இதையே இரண்டு முறை பாட வேண்டும். ‘ரி’யில் நிற்கும்போது பாட்டு முடிந்துவிட்டதாகத் தோன்றுவதில்லை. படிக்கட்டில் கடைசிப் படிக்கு முந்திய படியில் நிற்பது போன்ற உணர்வுதான் வரும். இந்த இடத்தில் முழு வாக்கியத்தை முடித்தால், சொல் முடிந்தும் மெட்டு முடியாமல் தொங்கும். மாறாக, முடியாத வாக்கியத்தை அங்கே வைத்தால் மெட்டும் பொருளும் ஒன்றாகக் காத்திருக்கும். தமிழில் இதற்கு வினையெச்சங்கள் கைகொடுக்கின்றன. ‘தேய்த்து’ என்று சொன்னால் அடுத்து என்ன என்ற கேள்வி எழும். ‘மாற்றினால்’ என்று சொன்னால் என்ன நடக்கும் என்று காது கேட்கும். விடை, மெட்டு மீண்டும் முதலடிக்குத் திரும்பும்போது வரலாம்.

அந்த இடத்தில் என்ன சொல்வது என்பதையும் அவர்கள் யோசித்தே முடிவு செய்தனர். ஏடிஸ் கொசு, தண்ணீர் மட்டத்தை ஒட்டிப் பாத்திரத்தின் உட்சுவரில் முட்டைகளை ஒட்டவைக்கும். நீரைக் கொட்டினால் மட்டும் அவை போய்விடா, தேய்த்துக் கழுவவேண்டும். முட்டை பொரிந்து கொசுவாகப் பறக்க ஒரு வாரத்திற்குச் சற்றுக் கூடுதலாகும் என்பதால், வாரம் ஒருமுறை தேய்த்தால் போதும். ‘வாரம்’ நெடிலில் தொடங்கும் சொல்லாக அமைந்தது நற்பேறு. அது ‘வரம்’ ஆகிவிடும் அச்சம் இல்லை.

முழுப்பாட்டும் இவ்வாறு அமைந்தது:

வாளி நீரை மூடி வை
வாசல் தொட்டி காய வை
வாரந் தோறும் தேய்த்து நாம்
கொட்டி நீரை மாற்றினால்
கொசு நம் வீட்டில் தங்குமா?
கூட்டம் போட்டுப் பாடுமா?

முதல் மூன்று அடிகள் ‘வா’வில் தொடங்குவதையும், பின் மூன்று அடிகள் கொ, கொ, கூ என்று தொடங்குவதையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். இது மோனை. (ஒகரமும் ஊகாரமும் தமக்குள் மோனையாகும் இன எழுத்துகள்.) பாட்டை அழகாக்க மட்டும் இதைச் சேர்க்கவில்லை. படிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கு அடுத்த அடி நினைவுக்கு வரவேண்டுமென்றால், முதல் எழுத்து ஒரு பிடியாக இருக்க வேண்டும். ‘பானை’க்குப் பதில் ‘வாளி’ வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

எழுதியவர்களுக்குத் தங்கள் பாட்டில் பிழை கேட்பதில்லை. தாம் நினைத்த சொல்லே காதில் விழும். எனவே, பாட்டைப் பார்க்காத ஒருவரை அழைத்து, பாடுவதைக் கேட்டு அவர் காதில் விழுந்ததை அப்படியே எழுதச் சொன்னோம். அவர் எழுதியதும் நாங்கள் எழுதியதும் ஓரிடத்தைத் தவிர ஒத்திருந்தன. ‘கூட்டம் போட்டு’ என்பதை அவர் ‘கூட்டம் ஓட்டு’ என்று எழுதியிருந்தார். ‘ம்’முக்குப் பிறகு ‘போ’ மென்மையாக ஒலித்துவிட்டது. பாடுபவர்கள் உதட்டை நன்றாக மூடித் திறக்கவேண்டும் என்று குறித்துக்கொண்டோம், சொல்லை மாற்றவில்லை.

பாலர் பள்ளியில் பாட்டு அரங்கேறியது. ஆசிரியை இரண்டாவது பத்தியும் கேட்டிருக்கிறார். அதில் ‘மருத்துவமனை’ என்ற சொல் வரவேண்டும் என்பது அவர் விருப்பம். ம, ருத், து, வ, ம, னை என்று ஆறு ஒலிகள். ஒலிக்கு ஒரு சுரம் என்று வைத்தால் அழுத்தமான மூன்று இடங்களிலும் குறிலே வந்து விழும். மாணவர்கள் முதலில் தலையில் கைவைத்தார்கள். பிறகு, கொசுவுக்குச் செய்ததையே இரண்டு இடத்தில் செய்து பார்த்தார்கள்:

மருத்–து | வம–னை | போ–கு | முன்–

பொருந்திவிட்டது. ‘முன்’ என்பதில் உள்ள ‘ன்’ கடைசிச் சுரத்தையும் தாங்குகிறது. ஆனால் மருத்துவமனை போகுமுன் என்ன செய்வது என்று சொல்லும் அடுத்த அடி இன்னும் எழுதப்படவில்லை. அதற்கும் ஏழு சுரங்கள் இருக்கின்றன.